அழுகிய முட்டை வாடை: கீசரா, கிணறா?

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடினம்குளம் காயல் ஓரத்தில் கயிறுக்காகத் தேங்காய் மட்டையை ஊறப்போட்ட இடங்களைக் கடந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். மாதக்கணக்கில் சேற்று நீருக்கடியில் கிடக்கும் மட்டை, காற்றுப் படாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை வெளிவிடுகிறது. காயலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதே வாடை குளியலறைக் குழாயிலிருந்து வந்தால்தான் வீடு அமளிப்படுகிறது. பிளம்பர் வருகிறார், தொட்டியைக் கழுவச் சொல்கிறார். ஃபில்டர் விற்பவர் வருகிறார், முப்பதாயிரத்துக்கு ஒரு கருவியைக் காட்டுகிறார். இரண்டும் நடந்த பிறகும் வாடை போகாத வீடுகள் உண்டு. காரணம் எளிது. வாடை எங்கே பிறக்கிறது என்பதை யாரும் முதலில் கேட்கவில்லை.

தண்ணீரில் இந்த வாடை பிறக்கும் இடங்கள் மூன்று: வெந்நீர்க் கீசருக்குள், கிணற்றுக்குள், நிலத்தடிப் பாறையில். மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு. கீசரில் உள்ள கோளாறுக்குக் கிணற்றில் மருந்து போட்டால் பலன் இல்லை. பாறையிலிருந்து வரும் வாயுவைக் கீசரை மாற்றி நிறுத்த முடியாது.

மூன்றையும் பிரித்தறிய ஒரு கண்ணாடி டம்ளர் போதும். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்பு குளிர்ந்த நீரை டம்ளரில் பிடித்து, குளியலறைக்கு வெளியே கொண்டுபோய் முகர வேண்டும். பிறகு வெந்நீரையும் அப்படியே. வெளியே கொண்டுபோவதற்குக் காரணம், பல வீடுகளில் குற்றவாளி தண்ணீரே அல்ல, கழிவுநீர்ப் போக்கி. தரைத்துளையில் நீர்த்தடுப்பு வற்றிப் போயிருந்தால் சாக்கடை வாயு மேலே வரும். வெந்நீரைத் திறக்கும் நேரத்தில் அது மூக்கில் ஏறினால் பழி கீசர் மேல் விழும். இன்னொரு விஷயம்: இந்த வாயுவைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். அரைமணி நேரம் குளியலறையில் நின்றவர் 'இப்போது வாடை இல்லை' என்று சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்தவரை முகரச் சொல்வதே சரி.

வெந்நீரில் மட்டும் வாடை என்றால் கோளாறு கீசரில். இரண்டிலும் வாடை, ஆனால் பத்து நிமிடம் மோட்டார் ஓடியதும் குறைகிறது என்றால் கிணற்றிலோ குழாயிலோ தொட்டியிலோ நுண்ணுயிர் குடியேறியிருக்கிறது. அரைமணி நேரம் நீர் இறைத்த பிறகும் அதே அளவில் வாடை வருகிறது என்றால் நிலத்தடி நீரே அதைச் சுமந்து வருகிறது.

கீசருக்குள் நடப்பது

கழக்கூட்டத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 80 மீட்டர் ஆழ்துளைக் கிணறு, மாடியில் 500 லிட்டர் தொட்டி, குளியலறையில் 25 லிட்டர் கீசர். ஓணத்துக்கு ஊருக்குப் போன குடும்பம் பத்து நாள் கழித்துத் திரும்புகிறது. வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் குடலைப் புரட்டும் வாடை. குளிர்ந்த நீரில் ஒன்றுமில்லை.

இந்தக் கீசரின் உள்ளே இரும்புத் தொட்டி, அதன் மேல் கண்ணாடிப் பூச்சு. பூச்சில் நுண்ணிய விரிசல் இருந்தாலும் இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தயாரிப்பாளர் உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பியைப் பொருத்துகிறார். துரு முதலில் இந்தக் கம்பியைத் தின்கிறது, தொட்டி பிழைத்துக்கொள்கிறது. ஆனால் மெக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அந்த ஹைட்ரஜன் ஒருவகை பாக்டீரியாவுக்கு உணவு. காற்று இல்லாத இடத்தில் வாழும் இந்த பாக்டீரியா, நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல தண்ணீரில் கரைந்துள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்திக்கொண்டு, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகிறது.

நம் வீட்டுப் பழக்கமும் அதற்கு உதவி செய்கிறது. மின்கட்டணத்துக்குப் பயந்து கீசரைப் பத்து நிமிடம் போட்டு, குளித்ததும் அணைத்துவிடுகிறோம். மீதி நேரமெல்லாம் உள்ளே உள்ள நீர் வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. இந்த பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்தது அந்த வெதுவெதுப்புதான். பத்து நாள் யாரும் திறக்காத வீட்டில் அதற்கு விருந்தே கிடைத்துவிடுகிறது.

'எங்கள் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் சல்ஃபேட் மிகக் குறைவு' என்று சொல்பவர்கள் உண்டு. அது இங்கே ஆறுதல் தராது. ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் சல்ஃபேட் இருந்தால், அது முழுதும் மாறும்போது 0.35 மில்லிகிராம் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி ஐஎஸ் 10500 (2012) ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் சல்ஃபைடை மட்டுமே அனுமதிக்கிறது. அதாவது, ஏற்கத்தக்க அளவான 200 மில்லிகிராமுக்கு வெகு கீழே உள்ள சல்ஃபேட், வாடையைப் பொறுத்தவரை எல்லையை ஏழு மடங்கு தாண்டப் போதும். மூக்கு அந்த 0.05-ஐ ஒட்டிய அளவிலேயே உணர்ந்துவிடும். தவிர, நீர் சூடாகும்போது கரைந்திருக்கும் வாயு வெளியேறுவதால் குளிர்ந்த நீரில் தெரியாதது வெந்நீரில் தெரிகிறது.

திருவனந்தபுரத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. செம்பாறை நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது, புளிப்புத் தன்மை உடையது. பிஹெச் அளவு 6-க்கும் கீழே இறங்குவது சாதாரணம். இப்படிப்பட்ட நீர் மெக்னீசியத்தை வேகமாகத் தின்றுவிடும். கரைந்துள்ள சல்ஃபைடிலும் பிஹெச் 6-ல் பத்தில் ஒன்பது பங்கு வாயு வடிவில் இருக்கும். பிஹெச் 8 என்றால் பத்தில் ஒரு பங்கே வாயு. ஆகவே இங்கே கொஞ்சம் உண்டானாலும் அதிகமாக வாடை வரும்.

கழக்கூட்டத்து வீட்டில் முதல் வேலை, கீசரின் வெப்ப அளவைக் கடைசிப் புள்ளிக்குத் திருப்பி, இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுவது. உள்ளே உள்ள நீர் 60 பாகைக்கு மேல் போய் அங்கேயே நிற்க வேண்டும். பிறகு எல்லா வெந்நீர்க் குழாய்களையும் திறந்து பழைய நீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யும்போது குழந்தைகளைக் குளியலறைக்குள் விடக்கூடாது; அந்த நீர் ஒரு சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். கீசரின் அழுத்தம் வெளியேற்றும் வால்வு வேலை செய்கிறதா என்றும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இதில் பாதிப் பேருக்கு நிவாரணம் கிடைத்துவிடும், ஆனால் எல்லாருக்கும் நிலைத்துவிடாது. சில வாரங்களில் வாடை திரும்பினால் அடுத்த படி குளோரின். 500 லிட்டர் மாடித் தொட்டிக்கு, ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் 25 கிராம் குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. திறந்து வைத்த பாக்கெட்டில் கால் பங்கு என்று வைத்துக்கொள்வதே நல்லது. அந்தக் கணக்கில் 100 கிராம் பவுடர். அதை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்புக் கசடு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். கீசரின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயில் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூட வேண்டும். நான்கைந்து மணி நேரம் கழித்துத் தொட்டியையும் கீசரையும் நன்றாகக் காலி செய்து நல்ல நீரால் அலச வேண்டும். கீசரைப் போட்டபடி இதைச் செய்தால் குளோரின் நீர் சூடாகி உலோகத்தை அரிக்கும். அந்த நீரோடு கழிவறை ஆசிடைக் கலக்கவே கூடாது. வெளியாகும் வாயு, முட்டை வாடையைவிடக் கொடியது.

அதற்குப் பிறகும் ஒரு மாதத்தில் வாடை வந்தால் மாற்ற வேண்டியது கம்பி. கீசர் நிறுவனத்தின் சர்வீஸ் ஆள், கீழே உள்ள மூடியைத் திறந்து மெக்னீசியம் கம்பியை எடுத்துவிட்டு, துத்தநாகம் கலந்த அலுமினியக் கம்பியைப் பொருத்தலாம். அது ஹைட்ரஜனைக் குறைவாகத்தான் தரும், ஆனால் தொட்டியை காக்கும் வேலையைச் செய்யும். 'கம்பியே வேண்டாம், கழற்றிவிடுங்கள்' என்று சொல்பவர்களை நம்பக் கூடாது. வாடை நிச்சயமாகப் போய்விடும், ஆனால் அடுத்து ஓட்டை விழுவது தொட்டியில். வாரண்டியும் போய்விடும்.

வெளியூர் போகும்போது கீசரைக் காலி செய்துவிட்டுப் போவதும், ஊரில் இருக்கும்போது வாரத்துக்கு ஒரு முறையாவது 60 பாகை வரை சூடேற விடுவதும் மறுபடி குடியேற்றத்தைத் தடுக்கும். சிறிய உடனடிக் கீசரில் தேங்கும் நீர் குறைவு, பெரும்பாலும் கம்பியும் இல்லை. ஆகவே அங்கே இந்தத் தொல்லை அரிது. அருவிக்கரையிலிருந்து வரும் கேரள நீர் வாரியத்தின் நீரில் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது மட்டும் வரும் வீடுகளில் வாடை குறைவாக இருப்பதற்கு அது காரணம். ஆனால் தொட்டியில் ஓரிரு நாள் தேங்கினால் குளோரின் மறைந்துவிடும், பாதுகாப்பும் அதோடு போகும்.

குளிர்ந்த நீரிலும் வாடை என்றால்

பக்கத்து வீட்டில் குளிர்ந்த நீரிலும் வாடை என்று வைத்துக்கொள்வோம். அங்கே கீசரைத் தொடுவதில் அர்த்தமில்லை. கிணற்றுக்கு அதிர்ச்சிக் குளோரின் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் நீரின் அளவு தெரிய வேண்டும். 6 அங்குல ஆழ்துளைக் கிணற்றில் ஒரு மீட்டர் உயர நீரில் ஏறக்குறைய 17.7 லிட்டர் நிற்கும். கிணறு 80 மீட்டர் ஆழம், நீர் 15 மீட்டரில் நிற்கிறது என்றால் நீர்ப்பத்தி 65 மீட்டர், அதாவது சுமார் 1,150 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் 115 கிராம் குளோரின். கால் பங்கு வலு உள்ள பவுடரில் 460 கிராம், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

தெளிந்த கரைசலைக் கிணற்றில் ஊற்றிய பிறகு, ஹோஸ் மாட்டி மோட்டாரைப் போட்டு, இறைக்கும் நீரைக் கிணற்றுக்கே அரைமணி நேரம் திருப்பிவிட வேண்டும். கிணற்றின் உட்சுவர் முழுதும் கழுவப்படுவது இதனால்தான். பின்னர் ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து, 12 மணி நேரம் அப்படியே விட வேண்டும். ஃபில்டர் இருந்தால் அதைத் தனியே பிரித்துவிட வேண்டும். கீசரில் மேலே சொன்ன நான்கைந்து மணி நேரக் கணக்கே போதும். கடைசியில் குளோரின் வாடை நிற்கும்வரை நீரை வெளியே விடலாம், செப்டிக் டேங்கிலோ செடிகளிலோ விடக் கூடாது.

மாதக்கணக்கில் வாடை திரும்பவில்லை என்றால் குற்றவாளி கிணற்றுச் சுவரில் படிந்திருந்த பாக்டீரியா. ஓரிரு வாரத்தில் திரும்பினால் வாயு நிலத்திலிருந்தே வருகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் இதற்கு நிலவியல் காரணமும் உண்டு. கடற்கரைப் பகுதியின் படிவுப் பாறைகளுக்கு வர்க்கலையின் பெயராலேயே வர்க்கல்லி படிவு என்று பெயர். வர்க்கலைக் கடற்கரைச் செங்குன்றில் அது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. மணல், களிமண் அடுக்குகளுக்கிடையே கருமை நிறக் கரிமக் களிமண்ணும் பழுப்பு நிலக்கரிப் பட்டைகளும், மார்க்கசைட் என்ற இரும்புக் கந்தகக் கட்டிகளும் கிடைக்கின்றன. அந்தக் கந்தகம் ஆக்சிஜன் பட்டால் சல்ஃபேட்டாகும். காற்று எட்டாத கரிமக் களிமண்ணில் பாக்டீரியா அதை மறுபடி சல்ஃபைடாக்கும். இப்படிப்பட்ட அடுக்கைத் தொட்ட துளையில் எத்தனை முறை குளோரின் ஊற்றினாலும் வாயு ஊறிக்கொண்டேயிருக்கும்.

இங்கே மலிவான தீர்வு காற்று. நீரைத் தொட்டிக்குள் நேராகக் குழாய் வழியே விடாமல், துளையிட்ட குழாயில் அல்லது பூவாளித் தலையில் தூவானமாக விழச் செய்தால் வாயு வெளியேறிவிடும். தொட்டியின் மூடியில் வலை போட்ட காற்றுத் துவாரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பறந்த வாயு மறுபடி கரையும். புளிப்பு நீரில் இது நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் முன்பு சொன்னபடி அங்கே பெரும்பகுதி ஏற்கனவே வாயு வடிவில் இருக்கிறது. மிச்சம் இருப்பதற்குச் சிறிதளவு குளோரின். 1 மில்லிகிராம் சல்ஃபைடைக் கந்தகமாக்க 2 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான குளோரின் போதும், சல்ஃபேட் வரை கொண்டுபோக 8-க்கு மேல் வேண்டும். குறைவாகப் போட்டால் வெண்மையான கந்தகக் கலங்கல் தெரியும், அதை வடிகட்ட வேண்டும். ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டரை மட்டும் வைப்பது மிகக் குறைந்த வாடைக்கே உதவும். அளவு அதிகம் என்றால் சில வாரத்தில் அது நிரம்பி, தானே வாடை கக்கத் தொடங்கும். நீரில் இரும்பும் இருந்தால் கறுப்புக் கசடு படியும், அதற்கு இரும்பு நீக்கும் ஏற்பாடும் தேவை.

பரிசோதனையில் இரண்டு பொறிகள்

கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்து மறுநாள் ஆய்வகத்தில் கொடுத்தால் 'சல்ஃபைடு இல்லை' என்று அறிக்கை வரலாம். வழியில் வாயு பறந்துவிட்டது, அவ்வளவுதான். சல்ஃபைடு பரிசோதனைக்குக் கிணற்றடியிலேயே துத்தநாக அசிடேட் சேர்த்து, பாட்டில் நிறைய நீர் பிடித்து, காற்று இடமின்றி மூட வேண்டும். ஆய்வகத்தைக் கேட்டால் அந்தப் பாட்டிலைத் தருவார்கள். கேட்காதவருக்குச் சாதாரண பாட்டில்தான் கிடைக்கும்.

இரண்டாவது பொறி மலக் கிருமிப் பரிசோதனை. குவாலியரில் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய இந்திய விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட எளிய முறையில், சிறு குப்பியில் ஊற்றிய நீர் ஒரு நாளில் கறுத்தால் மலக் கிருமி இருக்கக்கூடும் என்று பொருள். கிருமிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடே குப்பியைக் கறுக்கச் செய்கிறது. நீரில் ஏற்கனவே சல்ஃபைடு இருந்தால் கிருமி இல்லாமலே அது கறுக்கும். ஊற்றிய சில நிமிடங்களிலேயே கறுத்தால் அது கிருமியைக் காட்டவில்லை, நீரின் சல்ஃபைடைக் காட்டுகிறது. அப்படிப்பட்ட நீரில் ஆய்வகத்தின் கோலிஃபார்ம் பரிசோதனையை மட்டுமே நம்பலாம்.

அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாத நேரமும் உண்டு. பல வருடங்களாக வாடையில்லாத திறந்த கிணற்றில் திடீரென்று வாடை வந்தால், அருகிலுள்ள செப்டிக் டேங்கிலிருந்து கசிவு இருக்கலாம். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே 7.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று கேரளக் கட்டட விதிகள் சொல்கின்றன. நெருக்கடியான நகர்ப்புறத்தில் அது எப்போதும் கிடைப்பதில்லை, பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றோரம் இருப்பதும் உண்டு. குளோரின் போட்டு வாடையை அடக்கிவிட்டு அறிக்கை வரும்வரை அந்த நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் வாயு பறந்துவிடும், கிருமிகளும் சாகும், ஆனால் கசிவு நிற்காது.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. குழாயில் வரும் அளவில் இந்த வாயு ஆளைக் கொல்வதில்லை, நிம்மதியைத்தான் கொல்கிறது. மூடிய கிணற்றிலோ மோட்டார் குழியிலோ அது திரண்டிருந்தால் நிலைமை வேறு. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவிலேயே மூக்கு மரத்துவிடும், வாடை நின்றதுபோல் தோன்றும். 500 பங்கைத் தாண்டினால் ஆள் விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் வழக்கம் ஆக்சிஜன் குறைவை மட்டுமே காட்டும், இந்த வாயுவைக் காட்டாது. அதுவும் எரியக்கூடிய வாயு. வாடை வந்த கிணற்றில் காரணம் தேடி இறங்குபவரும், விழுந்தவரைத் தூக்க அவர் பின்னே இறங்குபவரும் ஒரே ஆபத்தில் சிக்குகிறார்கள். தீயணைப்புப் படையின் சுவாசக் கருவி இல்லாமல் யாரும் உள்ளே இறங்க வேண்டாம். தண்ணீரின் வாடையைத் தேடுவதற்குத் தரைமேலேயே ஒரு டம்ளரும், வெளியிலிருந்து வந்தவரின் மூக்கும் போதும்.